தரப்படுத்திய எச்சமா, நீக்கல் எச்சமா: மாடலைச் சோதிக்க எதை வரைவது?

ஒரு ரெக்ரஷன் மாடலைத் தரவுக்குப் பொருத்தி முடித்ததும் எச்சங்களை வரைந்து பார்க்கிறோம். அளந்த மதிப்பிலிருந்து மாடல் சொல்லும் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் எச்சம். அதை வரையலாம் என்று மென்பொருளைத் திறந்தால் ஒன்றுக்கு நான்கு வகை எச்சங்கள் வரிசையாக நிற்கின்றன: வெறும் எச்சம், தரப்படுத்திய எச்சம், ஸ்டூடண்டைஸ்டு எச்சம், நீக்கல் எச்சம். பெரும்பாலான தரவுகளில் எதை வரைந்தாலும் படம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பலரும் கைக்கு வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஆனால் வேறுபாடு வெளிப்படும் இடத்தில் அது சின்னதாக இருப்பதில்லை. ஒரே தரவு, ஒரே கோடு, ஒரே புள்ளி. ஒரு வகை எச்சம் அதற்கு 3 என்கிறது, இன்னொரு வகை 1203 என்கிறது. இரண்டுமே சரியான கணக்குகள்தான். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், எப்போது எதை வரைய வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

அந்தத் தரவை எடுத்துக்கொண்டே பார்ப்போம். புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973இல் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரி, சாய்வு, ஒட்டுறவு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. வரைந்து பார்த்தால் மட்டும் நான்கும் நான்கு விதம். R மென்பொருளில் `anscombe` என்ற பெயரில் அது கூடவே வருகிறது. நமக்கு வேண்டியது அதில் மூன்றாவது தொகுப்பு. மொத்தம் 11 புள்ளிகள். x மதிப்புகள் 4 முதல் 14 வரையுள்ள முழு எண்கள். அவற்றில் 10 புள்ளிகள் கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. x = 13 என்ற இடத்தில் உள்ள ஒரு புள்ளி மட்டும் y = 12.74 என்று தனியாக மேலே நிற்கிறது.

எல்லா 11 புள்ளிகளுக்கும் சேர்த்துக் கோடு பொருத்தினால் கிடைப்பது y = 3.00 + 0.50x. எச்சங்களின் திட்ட விலக்கம், அதாவது s, 1.236. x = 13இல் இந்தக் கோடு 9.50 என்று சொல்கிறது. அங்கே எச்சம் 12.74 − 9.50 = 3.24.

இந்த 3.24 பெரியதா, சின்னதா? வெறும் எண்ணாக வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. y-ஐ எந்த அலகில் அளந்தோமோ அதே அலகில் இது இருக்கிறது. அலகை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். எனவே எதாலாவது வகுக்க வேண்டும். எதால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லா வகைகளும் பிரிகின்றன.

முதலில் தோன்றுவது s-ஆல் வகுப்பது. 3.24 / 1.236 = 2.62. எளிமையானதுதான், ஆனால் இதில் ஒரு குறை உண்டு. பிழைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பரவற்படி என்று மாடலில் எடுத்துக்கொண்டாலும், எச்சங்களுக்கு ஒரே பரவற்படி இருப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியும் பொருத்தும் கோட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. x-இன் ஓரத்தில் இருக்கும் புள்ளி அதிகமாக இழுக்கும், நடுவில் இருப்பது குறைவாக இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்பதை அளப்பதுதான் லீவரேஜ், குறியீடு h. ஒரே ஒரு x இருக்கும் மாடலில் அதன் சூத்திரம் இது:

```
h = 1/n + (x − x̄)² / Sxx
```

n என்பது புள்ளிகளின் எண்ணிக்கை. Sxx என்பது x மதிப்புகள் தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கக் கூட்டுத்தொகை. நம் தரவில் x-இன் சராசரி 9, Sxx = 110. அப்படியானால் நடுவில், x = 9இல், h = 0.091. இரு ஓரங்களிலும், x = 4இலும் 14இலும், h = 0.318. நம் புள்ளிக்கு, x = 13இல், 0.236. எல்லா h-களையும் கூட்டினால் மாடலில் மதிப்பிட்ட கெழுக்களின் எண்ணிக்கை p வரும், இங்கே 2.

பிழைகளின் பரவற்படி σ² என்றால், எச்சத்தின் பரவற்படி σ²(1 − h). கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட புள்ளிக்கு எச்சம் சின்னதாகத்தானே இருக்கும், அதைத்தான் இந்தச் சூத்திரம் சொல்கிறது. நம் தரவில் நடுப்புள்ளியின் எச்சத்துக்குத் திட்ட விலக்கம் 0.95σ, ஓரப்புள்ளிகளுக்கு 0.83σ. பிழைகள் எல்லாம் ஒரே மாதிரி சிதறினாலும் வெறும் எச்சப் படம் ஓரங்களில் சற்று ஒடுங்கித் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஓரத்தில் பிழை குறைகிறது என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும்.

ஆகவே s√(1 − h)-ஆல் வகுக்கிறோம். 3.241 / (1.2363 × 0.8739) = 3.00. R இதை `rstandard` என்கிறது. ஸ்டூடண்டைஸ்டு எச்சம் என்று பல நூல்களில் வருவதும் இதேதான். குழப்பம் வராமலிருக்க அதை உள்வழி ஸ்டூடண்டைஸ்டு என்றும் சொல்வதுண்டு. இந்தக் கட்டுரையில் இதை r என்று குறிக்கிறேன். லீவரேஜ் வேறுபாடு இதில் சரிசெய்யப்பட்டுவிட்டதால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம்.

மூன்றைத் தாண்டாத எண்

இப்போது அந்த 3.00ஐக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். துல்லியமாகச் சொன்னால் அது 2.99999. மற்ற பத்துப் புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்கையில் ஒன்று மட்டும் இவ்வளவு தள்ளி நிற்கிறது; அதற்கு வெறும் 3 தானா? அந்தப் புள்ளியை இன்னும் மேலே தூக்கி y = 50 என்று வைத்துப் பாருங்கள். r அப்போதும் 3ஐத் தாண்டாது. y = 5000 என்று வைத்தாலும் அப்படித்தான்.

காரணம் s-இல் இருக்கிறது. s-ஐக் கணக்கிடும்போது சந்தேகத்துக்குரிய புள்ளியையும் சேர்த்துத்தான் கணக்கிட்டோம். அந்தப் புள்ளி மேலே போகப் போக எச்சமும் பெரிதாகிறது, அதை வகுக்கும் s-உம் கூடவே பெரிதாகிறது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியின் இருக்கையிலும் உட்கார்ந்திருக்கும் வழக்கு மாதிரி.

இதற்கு ஓர் எல்லை இருப்பதை எளிதாகக் காட்டலாம். ஒரு புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி பொருத்தினால் எச்ச வர்க்கங்களின் மொத்தம் எவ்வளவு குறையும்? அது சரியாக e²/(1 − h) குறையும். e என்பது வெறும் எச்சம். மொத்தத்தையே RSS என்று வைத்துக்கொண்டால், குறைவது ஒருபோதும் RSS-ஐவிட அதிகமாக இருக்க முடியாது. r-இன் வர்க்கமோ இந்தக் குறைவை s²-ஆல், அதாவது RSS/(n − p)-ஆல், வகுத்தது. எனவே r² எப்போதும் n − p-க்கு மேல் போகாது. நம் தரவில் n − p = 11 − 2 = 9. உச்சவரம்பு √9 = 3.

இந்த ஒரு தகவல் நடைமுறையில் பெரிய விஷயம். "தரப்படுத்திய எச்சம் 3ஐத் தாண்டினால் அவுட்லையர்" என்று ஒரு விதி பரவலாகப் புழங்குகிறது. 11 புள்ளிகளும் ஒரு x-உம் உள்ள தரவில் அந்த விதிப்படி எந்தப் புள்ளியும், எவ்வளவு விலகியிருந்தாலும், ஒருநாளும் பிடிபடாது. புள்ளிகள் 8, கெழுக்கள் 4 என்றால் உச்சவரம்பு 2 தான். சின்னத் தரவில்தான் ஒரு தவறான புள்ளி கோட்டையே கெடுக்கும். அங்கேதான் இந்த விதி கைவிடுகிறது.

புள்ளியை வெளியே வைத்துவிட்டு அளப்பது

தீர்வு நேரடியானது. i-ஆவது புள்ளியைச் சோதிக்க வேண்டுமானால் அதை நீக்கிவிட்டு மற்ற புள்ளிகளுக்குக் கோடு பொருத்து. அந்தக் கோட்டிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்.

நம் தரவில் x = 13ஐ நீக்கினால் கோடு y = 4.01 + 0.345x ஆகிவிடுகிறது. சாய்வு 0.50இலிருந்து 0.345க்கு இறங்கியதைக் கவனியுங்கள். ஒரே புள்ளி கோட்டை இவ்வளவு திருகி வைத்திருந்தது. புதிய கோடு x = 13இல் 8.50 என்கிறது. உண்மை மதிப்பு 12.74. வித்தியாசம் 4.24. இதைச் சில இடங்களில் நீக்கல் எச்சம் என்கிறார்கள். இதற்காகக் கோட்டை மறுபடி பொருத்தவே வேண்டாம்: e/(1 − h) = 3.241/0.7636 = 4.24 என்று முதல் பொருத்தத்திலிருந்தே வந்துவிடும்.

ஆனால் இது இன்னும் y-இன் அலகிலேயே இருக்கிறது, எனவே இதையும் இதன் திட்டப் பிழையால் வகுக்க வேண்டும். அதற்கான s-ஐயும் அந்தப் புள்ளி இல்லாமலே கணக்கிட வேண்டும். இங்கேயும் குறுக்குவழி உண்டு:

```
s(i)² = (RSS − e²/(1 − h)) / (n − p − 1)
t = e / ( s(i) · √(1 − h) )
```

எண்களைப் போடுவோம். RSS = 13.7562. நம் புள்ளியை நீக்கினால் குறையும் அளவு e²/(1 − h) = 13.7561. மிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! மாடலின் எச்சம் என்று நாம் எடுத்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே புள்ளியின் வேலை. அதை எடுத்துவிட்டால் s 1.236இலிருந்து 0.0031க்குச் சரிகிறது. அந்த அளவுகோலில் நம் புள்ளியின் t மதிப்பு 1203.5.

இந்த t-க்குத்தான் பல பெயர்கள்: நீக்கல் எச்சம், வெளிவழி ஸ்டூடண்டைஸ்டு எச்சம், R-இல் `rstudent`. மேலே சொன்ன 4.24ஐ அதன் சொந்தத் திட்டப் பிழையால் வகுத்தாலும் இதே எண்தான் வரும். இனி நீக்கல் எச்சம் என்று நான் சொல்லும்போது இந்த t-ஐத்தான் சொல்கிறேன்.

r-க்கும் t-க்கும் நேரடி உறவு உண்டு, ஒன்று தெரிந்தால் மற்றது வந்துவிடும்:

```
t = r · √( (n − p − 1) / (n − p − r²) )
```

அப்படியானால் r-இல் இல்லாத புதிய தகவல் எதுவும் t-இல் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், புள்ளிகளின் வரிசைகூட மாறாது. r-இல் பெரியதே t-இலும் பெரியது. மாறுவது இடைவெளி. r சரியாக 1 என்றால் t-உம் 1. அதற்குக் கீழே t சற்றுச் சின்னது, மேலே சற்றுப் பெரியது. n − p = 9 ஆக இருக்கையில் r = 2 என்பது t = 2.53 ஆகிறது; r = 2.5 என்பது 4.26; r = 2.9 என்றால் 10.7. உச்சவரம்பை நெருங்க நெருங்க t பறந்துவிடுகிறது. ஆனால் n − p = 100 என்றால் r = 3 என்பது வெறும் 3.13 தான். சில நூறு புள்ளிகள் உள்ள தரவில் இரண்டில் எதை வரைந்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பது இதனால்தான்.

t-க்கு இன்னொரு நன்மை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தப் புள்ளி இல்லாமல் s(i)-ஐக் கணக்கிட்டதால் தொகுதியும் பகுதியும் ஒன்றையொன்று சாராதவை. எனவே பிழைகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால் t சரியாக t-பரவலைப் பின்பற்றும், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் n − p − 1. r அப்படியில்லை, அதற்கு மேல் ஓர் எல்லை இருப்பதே அது t-பரவலில் இல்லை என்பதற்குச் சாட்சி. "இவ்வளவு பெரிய எச்சம் தற்செயலாக வருமா?" என்று நிகழ்தகவோடு கேட்க வேண்டுமானால் கேட்கும் இடம் t தான்.

கேட்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். நாம் ஏதோ ஒரு புள்ளியை முன்கூட்டியே தீர்மானித்துச் சோதிப்பதில்லை. எல்லாவற்றையும் பார்த்து, இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறோம். 11 புள்ளிகள் இருந்தால் 11 வாய்ப்புகள். எனவே 5 சதவீதத்தை 11ஆல் வகுத்து எல்லை வைப்பது வழக்கம். இது போன்ஃபெரோனி திருத்தம். டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 8 உள்ள t-பரவலில் சாதாரண 5 சதவீத எல்லை 2.31. திருத்திய எல்லை சுமார் 3.9. r-இன் உச்சவரம்பான 3ஐ இந்த 3.9ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். r-ஐ வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் விடை எப்போதுமே "அவுட்லையர் இல்லை" என்றுதான் வரும்.

R-இல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு வரி போதும்:

```r
m <- lm(y3 ~ x3, data = anscombe)
round(cbind(e = resid(m), h = hatvalues(m),
            r = rstandard(m), t = rstudent(m)), 3)
```

சரி, எதை வரைவது?

என் பதில்: எச்சப் படத்தில் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, நல்ல சோதனைக்கு இரண்டு படங்கள் வேண்டும்.

தனிப் புள்ளிகளைத் தேடும்போது நீக்கல் எச்சம் t-ஐ வரையுங்கள். கிடை அச்சில் மாடல் சொல்லும் மதிப்பு, நெடு அச்சில் t. கூடவே போன்ஃபெரோனி எல்லையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கோடுகள். தரவு சின்னதாக இருந்தால் இது கட்டாயம்.

வடிவத்தைத் தேடும்போது, அதாவது வளைவு இருக்கிறதா, ஒரு பக்கம் சிதறல் விரிகிறதா என்று பார்க்கும்போது, r போதும், பல சமயம் அதுவே மேல். ஏன் என்பது நம் தரவிலேயே தெரியும். t படத்தை வரைந்தால் 1203இல் ஒரு புள்ளி, அதற்குக் கீழே மற்ற பத்தும் பூஜ்யத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியாது. r படத்திலோ அந்தப் பத்தும் இடமிருந்து வலமாக ஒரே சீராகச் சாய்ந்து இறங்குவது அப்பட்டமாகத் தெரியும். வெறும் எச்சத்தில் பார்த்தாலும் x = 4இல் +0.39, x = 7இல் −0.08, x = 10இல் −0.54, x = 14இல் −1.16. ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 0.15 இறக்கம். பத்துப் புள்ளிகள் இவ்வளவு ஒழுங்காக இறங்குகின்றன என்றால், கோடுதான் திருகியிருக்கிறது என்று பொருள்.

x = 14இல் உள்ள புள்ளியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அதன் t −1.16. மற்ற பத்தில் இதுவே பெரிய விலகல். உண்மையில் அந்தப் புள்ளியிடம் ஒரு குறையும் இல்லை. x = 13ஐ எடுத்துவிட்டுப் பொருத்திய கோட்டிலிருந்து அது 0.001 அளவே விலகுகிறது. பக்கத்துப் புள்ளி கோட்டை மேலே இழுத்ததால் நல்ல புள்ளி கெட்டதாகத் தெரிந்தது. ஆகவே ஒரு புள்ளி பிடிபட்டதும் அதே படத்தை வைத்து அடுத்த புள்ளியைத் தேடக் கூடாது. பிடிபட்டதை ஒதுக்கிவைத்து, மறுபடி பொருத்தி, மறுபடி வரைய வேண்டும். ஒதுக்குவது என்றால் தரவிலிருந்தே அழித்துவிடுவது என்று பொருளல்ல. அந்த அளவீடு எப்படி வந்தது என்று விசாரிக்கும் வரை தனியே வைப்பது, அவ்வளவுதான்.

வெறும் எச்சத்தை வரைவதில் எனக்குத் தயக்கம் உண்டு. y-இன் அலகிலேயே பிழையைப் பார்க்க அது உதவும், அதைத் தாண்டி r தராத எதையும் அது தருவதில்லை. R-இல் `plot(m)` கொடுத்தால் முதலில் வரும் படம் வெறும் எச்சத்தில் இருக்கும். அடுத்து வரும் Q-Q படமும் சிதறல் படமும் லீவரேஜ் படமும் r-இல் இருக்கும். t எங்கேயும் வராது. அதை நாமே கேட்டு வரைய வேண்டும்.

மென்பொருள் மாற்றும்போது பெயர்களை நம்பாமல் சூத்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். SPSS-இல் `ZRESID` என்பது வெறுமனே s-ஆல் வகுத்தது, நம் தரவில் 2.62. `SRESID` என்பது r, 3.00. `DRESID` என்பது அலகோடு கூடிய 4.24. `SDRESID` தான் t. மினிடாபில் standardized என்று வருவது r, deleted என்று வருவது t. பைதானின் statsmodels-இல் `resid_studentized_internal` என்பது r, `resid_studentized_external` என்பது t. ஆக, "தரப்படுத்திய எச்சம்" என்று SPSS-இல் எடுப்பதும் R-இல் எடுப்பதும் ஒன்றல்ல. ஓர் அறிக்கையில் எச்சம் 2.6 என்று இருந்தால் எந்த மென்பொருள் என்று கேட்காமல் அதை எதனோடும் ஒப்பிட முடியாது. சந்தேகமிருந்தால் மேலே உள்ள 11 புள்ளிகளைக் கொடுத்துப் பாருங்கள்; 2.62, 3.00, 4.24, 1203 என்று நான்கு விடைகளும் வெகு தூரத்தில் இருப்பதால் எது எது என்று உடனே தெரிந்துவிடும்.

நீக்கல் எச்சமும் ஏமாறும் இடம்

1203 என்ற எண்ணைப் பார்த்து நீக்கல் எச்சத்துக்கு எதுவும் தப்பாது என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு புள்ளியைத்தான் வெளியே வைக்கிறது. கெட்ட புள்ளிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்?

அதே தரவில் ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். x = 14இன் y மதிப்பை 8.84இலிருந்து 13.08க்கு உயர்த்துவோம், அதாவது 4.24 கூட்டுவோம். இப்போது x = 13, x = 14 இரண்டுமே உண்மையான கோட்டிலிருந்து ஒரே அளவு மேலே நிற்கின்றன. மற்ற ஒன்பதும் பழையபடி ஒரே கோட்டில். கெட்ட தரவு இரட்டிப்பாகிவிட்டது, நீக்கல் எச்சம் இன்னும் பலமாகக் கத்த வேண்டும் அல்லவா? கணக்குப் போட்டால் x = 13க்கு t = 2.08, x = 14க்கு t = 1.73. இரண்டுமே சாதாரண 5 சதவீத எல்லையான 2.31ஐக்கூடத் தொடவில்லை. 1203 போய் 2.08 வந்துவிட்டது.

நடந்தது இதுதான். x = 13ஐ வெளியே வைத்து மற்றவற்றுக்குக் கோடு பொருத்தும்போது x = 14 உள்ளேயே இருக்கிறது; கோட்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, s-ஐயும் ஊதிப் பெரிதாக்குகிறது. x = 14ஐ வெளியே வைக்கும்போது x = 13 அதே வேலையைச் செய்கிறது. ஒன்றுக்கொன்று மறைவு கொடுக்கின்றன. இந்த நிலைமையில் x = 12இல் உள்ள நல்ல புள்ளிக்கு t −1.61; கெட்ட புள்ளியான x = 14இன் 1.73க்கும் அதற்கும் அளவில் பெரிய வேறுபாடில்லை. எண்களை மட்டும் பார்த்தால் எது கெட்டது என்று சொல்லவே முடியாது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் r படம் கைகொடுக்கிறது. எல்லையைத் தாண்டிய புள்ளி எதுவும் இருக்காது, ஆனால் ஒன்பது புள்ளிகள் ஒரே சீராகச் சாய்ந்து இறங்க, இரண்டு மட்டும் வலது ஓரத்தில் மேலே குதித்து நிற்கும். எச்சங்களில் இப்படி ஒரு சாய்வு தெரிந்தாலே ஒரு கூட்டம் கோட்டைத் திருகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். x ஒன்று மட்டும் இருக்கும்போது இதைக் கண் பிடித்துவிடும். ஐந்தாறு x-கள் இருந்தால் சாய்வு எந்தப் படத்திலும் நேராகத் தெரியாமல் போகலாம். அப்போது செய்ய வேண்டியது, விலகிய புள்ளிகளுக்கு அசையாத ராபஸ்ட் ரெக்ரஷன் ஒன்றையும் பொருத்தி, அதன் எச்சங்களைச் சாதாரணப் பொருத்தத்தின் எச்சங்களோடு ஒப்பிடுவது. R-இல் `MASS` தொகுப்பில் உள்ள `rlm` கட்டளையை `method = "MM"` என்று கொடுத்து ஓட்டலாம். இரண்டு பொருத்தங்களும் ஒத்துப்போனால் கவலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் ராபஸ்ட் பொருத்தத்தில் எந்தப் புள்ளிகள் வெகுதூரம் நிற்கின்றன என்று பாருங்கள்.

இன்னொரு எல்லை ஆன்ஸ்கோம்பின் நான்காவது தொகுப்பில் இருக்கிறது. அதில் பத்துப் புள்ளிகளுக்கு x = 8, ஒன்றுக்கு மட்டும் x = 19. அந்த ஒற்றைப் புள்ளிக்கு h = 1. y எதுவாக இருந்தாலும் கோடு அதன் வழியாகவே போகும், எனவே e = 0. r-உம் t-உம் 0/0 ஆகிவிடும். `plot(m)` கொடுத்தால் r-இல் வரையும் படங்களில் R அந்தப் புள்ளியை வரையாமல் விட்டுவிட்டு, லீவரேஜ் ஒன்று உள்ள புள்ளியை வரையவில்லை என்று ஒரு எச்சரிக்கை தரும். அதைத் தவறவிட்டால், சாய்வு முழுவதையும் தீர்மானிக்கும் புள்ளி அந்தப் படங்களில் இல்லை என்பதே தெரியாது. அதை நீக்கிப் பார்க்கவும் வழியில்லை. நீக்கினால் எல்லா x-உம் 8 ஆகி, சாய்வு என்று ஒன்றைக் கணக்கிடவே முடியாது. எந்த வகை எச்சமும் இங்கே உதவாது. அதனால் எச்சப் படத்தோடு h மதிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சராசரி h எப்போதும் p/n. அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும் புள்ளிகளில் எச்சம் சின்னதாக இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதுவரை சொன்ன துல்லியமான உறவுகள் எல்லாம் சாதாரண நேரியல் மாடலுக்கானவை. லாஜிஸ்டிக், பாய்சான் போன்ற மாடல்களிலும் `rstandard`, `rstudent` இரண்டும் எண்களைத் தரும். ஆனால் அங்கே புள்ளியை உண்மையாக நீக்கி மறுபடி பொருத்துவதில்லை, தோராயமாகக் கணிக்கின்றன. t-பரவல் என்ற உத்தரவாதமும் அங்கே கிடையாது. சந்தேகத்துக்குரிய புள்ளி ஒன்றிரண்டுதான் என்றால் அவற்றை எடுத்துவிட்டு மாடலை மறுபடி ஓட்டி, கெழுக்கள் எவ்வளவு நகர்கின்றன என்று நேரடியாகப் பார்ப்பதே அங்கே நம்பகமான வழி.